வரியை எடுத்துப் போட்டால் போதுமா? நான்கடிப் பாட்டை வைத்து நுண்வாசிப்பு பழகுவது

"ஆதாரத்தோடு எழுது" என்று தமிழ் சொல்லிக்கொடுக்கும் எல்லாரும் சொல்கிறோம். பிள்ளைகளும் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஆதாரம் எப்படி ஆதாரமாகிறது என்பதை நாங்கள் உட்கார்ந்து விளக்குவது குறைவு. அதனால் என் மேசைக்கு வரும் இலக்கியக் கட்டுரைகளில் பாதி ஒரே அச்சில் இருக்கின்றன. "இப்பாடலில் கவிஞர் காதலின் பெருமையை அழகாக எடுத்துரைக்கிறார்" என்று ஒரு வாக்கியம். கீழே நான்கு வரிப் பாட்டு. அதற்குக் கீழே "இவ்வரிகளின் மூலம் காதலின் பெருமை புலனாகிறது" என்று இன்னொரு வாக்கியம்.

பாட்டுக்கு முன்னால் சொன்னதுதான் பின்னாலும் வருகிறது. நடுவில் இருக்கும் பாட்டை உருவிவிட்டு வேறொரு காதல் பாட்டை அங்கே வைத்தாலும் கட்டுரை அப்படியே நிற்கும். அப்படி நின்றால், அந்த வரிகள் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் நுண்வாசிப்பு என்ற சொல் வருகிறது. ஒரு படைப்பின் குறிப்பிட்ட சொற்களை, அவை நிற்கும் இடத்தை, வரிசையைக் கூர்ந்து பார்த்து, அதிலிருந்து ஒரு பொருளை எடுத்து, அந்தப் பொருள் அந்தச் சொற்களிலிருந்துதான் வந்தது என்று காட்டுவதை நுண்வாசிப்பு என்கிறோம். பலரும் இதைப் பொழிப்புரை என்று நினைக்கிறார்கள். சிலர் நயம் பாராட்டுவது என்கிறார்கள். இன்னும் சிலர் பாட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்த ரகசியத்தைக் கண்டுபிடிப்பது என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். எல்லாச் சொற்களும் கண்முன்னேதான் இருக்கின்றன. எந்தச் சொல் எந்தக் கருத்தைத் தாங்குகிறது என்று சொல்வதுதான் வேலை.

## எதிர்மலையில் வெள்ளையாக எழுவது என்ன?

கொடைக்கானலில் மாசி, பங்குனி மாதங்களில் புல்வெளி காய்ந்து கிடக்கும். அப்போது எதிர்மலையில் வெள்ளையாக ஏதாவது எழுந்தால், பார்த்தவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். மேகமா, புகையா என்று கேள்வி. ஒருவர் "தீ பிடிச்சிருக்கு" என்பார். பக்கத்தில் நிற்பவர் உடனே நம்பமாட்டார். "எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பார். "அங்க பாருங்க, வெள்ளையா இருக்கு" என்றால் அது பதிலாகாது. மேகமும் வெள்ளைதானே. "ஒரே இடத்துல இருந்து மேல எழும்புது, அடி மெல்லிசா இருக்கு, மேல போகப் போகக் காத்துக்குச் சாயுது. மேகம்னா பள்ளத்தை நிறைச்சு அகலமா ஏறி வரும்" என்றால் அதுதான் பதில்.

இதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. தீ பிடித்திருக்கிறது என்ற முடிவு ஒன்று. கண்ணில் படும் வெள்ளை ஒன்று. அந்த வெள்ளையின் எந்தக் குணம் தீயைக் காட்டுகிறது, ஏன் மேகத்தைக் காட்டவில்லை என்ற விளக்கம் ஒன்று. முதல் இரண்டும் எல்லாருக்கும் வரும். வாதம் மூன்றாவதில்தான் இருக்கிறது.

நம் இலக்கியத்துக்கு இந்த உதாரணம் பழையது. மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லித்தரும் இடத்தில், மலையில் நெருப்பு இருக்கிறது என்பதைப் பக்கம் என்றும், புகை இருப்பதால் என்பதை ஏது என்றும், அடுக்களையைப் போல என்பதைத் திட்டாந்தம் என்றும் பிரித்துக் காட்டுகிறார். அடுக்களையில் புகையையும் நெருப்பையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறோம், அதனால்தான் மலையிலும் புகையை வைத்து நெருப்பைச் சொல்ல முடிகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று எனக்குத் தோன்றும்.

கட்டுரைக்கு மூன்று பெயர்களை வைத்துக்கொள்வோம். பாட்டைப் பற்றி நீங்கள் சொல்ல வரும் கருத்து, துணிபு. வேறொருவர் மறுக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். யாரும் மறுக்க முடியாததை நிறுவ வேண்டிய தேவையே இல்லை. பாட்டிலிருந்து எடுத்துக் காட்டும் சொல் அல்லது வரி, மேற்கோள். அந்தச் சொல்லின் எந்தக் குணம் இந்தத் துணிபைத் தருகிறது என்று விளக்கும் வாக்கியம், இணைப்பு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெரும்பாலான கட்டுரைகளில் துணிபும் மேற்கோளும் இருக்கின்றன, இணைப்பு இருப்பதில்லை. "வெள்ளையா இருக்கு" என்பதோடு நின்றுவிடுகிறோம்.

## பாட்டும் அதன் நேர்ப்பொருளும்

மலையிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்துக்கொடுப்பது குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு. தேவகுலத்தார் பாடியது. நான்கே அடி.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தே னிழைக்கும் நாடனொடு நட்பே.

சொல்பவள் தலைவி. மலைச்சரிவில் கரிய தண்டுள்ள குறிஞ்சியின் பூவைக்கொண்டு மிகுந்த தேன் செய்யப்படும் நாட்டை உடையவன் அவன். அவனோடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட அளக்க அரியது என்கிறாள்.

துணிபுக்குப் போகும் முன் இந்த நேர்ப்பொருளை நன்றாக உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பாட்டு சின்னதாக இருந்தாலும் இதில் கால் வழுக்கும் இடங்கள் உண்டு. கொடைக்கானல் பிள்ளைகள் தவறாமல் வழுக்குவது "சாரல்" என்ற சொல்லில். எங்களுக்குச் சாரல் என்றால் முகத்தில் தெறிக்கும் தூறல். ஒரு மாணவி, சாரல் மழையில் நனைந்த குறிஞ்சிப் பூ என்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள். படிக்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே சாரல் என்பது மலைச்சரிவு. நனைந்த பூ பாட்டில் இல்லை, ஆகவே அந்த ஒரு பக்கமும் நிற்க இடமில்லாமல் போனது.

இன்னொன்று "உயர்ந்தன்று". பார்த்தவுடன் "உயர்ந்தது அன்று", அதாவது உயரவில்லை என்று தோன்றும். பழந்தமிழில் இது "உயர்ந்தது" என்ற உடன்பாட்டுச் சொல்தான். "அளவின்றே" என்பதும் அப்படியே. அளவு இல்லை என்று பிரிக்கத் தோன்றும், உரைகள் அளத்தற்கு அரிய அளவை உடையது என்றே பொருள் கொள்கின்றன. ஐயம் வந்தால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். "நிலத்தைவிடப் பெரியது" என்று தொடங்கியவள் அடுத்த மூச்சில் "வானைவிட உயர்ந்ததில்லை" என்று சொல்லமாட்டாள்.

உரையைப் பார்ப்பது குறைவான காரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்ப்பொருளுக்கு உரையும் அகராதியும் கட்டாயம் வேண்டும். அதற்குமேல் வரும் துணிபுதான் உங்களுடையது.

## பன்னிரண்டு ஆண்டு எங்கிருந்து வந்தது?

பூம்பாறைப் பக்கத்து மாணவி ஒருத்தி முதலில் எழுதிய பத்தியை அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

"குறிஞ்சிப் பூ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும். அதுபோலத் தலைவியின் காதலும் மிக அரியது என்பதைக் கவிஞர் 'கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு' என்ற வரியால் உணர்த்துகிறார்."

அவள் 2018-இல் குறிஞ்சி பூத்ததைக் கண்ணால் பார்த்தவள். சரிவு முழுக்க நீலமாகப் போனதை வகுப்பில் சொல்லும்போது அவள் முகமே மாறும். அந்த அனுபவம் உண்மை. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு உண்டு என்பதும் உண்மை. பத்தியில் ஒரு துணிபு இருக்கிறது, மேற்கோள் இருக்கிறது, "அதுபோல" என்று ஒரு இணைப்புகூட இருக்கிறது.

"சரிம்மா, இந்தப் பன்னிரண்டு எந்தச் சொல்லில் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு" என்றேன். பாட்டை இரண்டு முறை ஓட்டினாள். "இல்லை அம்மா" என்றாள். "அரிது என்று எந்தச் சொல் சொல்கிறது?" யோசித்தாள். "ஆரளவில் 'அரு' இருக்கே அம்மா?" நல்ல கவனிப்பு. ஆனால் அங்கே அளப்பது அரிது என்றுதான் வருகிறது. கிடைப்பது அரிது என்று வரவில்லை. பூவைப் பற்றிய சொல்லும் இல்லை.

நுண்வாசிப்பில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். நமக்குத் தெரிந்த உண்மை ஒன்று பாட்டில் உள்ள ஒரு பெயரைத் தொட்டவுடன் உள்ளே பாய்ந்துவிடுகிறது. துணிபு பாட்டிலிருந்து வருவதுபோலத் தெரியும், உண்மையில் நம்மிடமிருந்து வருகிறது. இதைக் கண்டுபிடிக்க அந்த விரல் வைக்கும் சோதனை போதும். துணிபில் உள்ள முக்கியமான சொல் ஒவ்வொன்றுக்கும் பாட்டில் ஒரு சொல்லின்மேல் விரல் வைக்க முடிய வேண்டும்.

வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொண்டுவந்தால், இது பாட்டில் இல்லை, நான் வெளியிலிருந்து சேர்க்கிறேன் என்று வாசகருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். பாட்டின் சொற்கள் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பாட்டில் குறிஞ்சி அரிதாக வருவதுபோலவே இல்லை. அந்தப் பூவிலிருந்து மிகுந்த தேன் கிடைக்கிறது என்று சொல்கிறது. அப்படியானால் பாட்டின் சாய்வு மிகுதியின் பக்கம் இருக்கிறது.

சுருக்கமாக: மேற்கோளில் துணிபுக்கான சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொருள் பொருத்தமாக இருப்பது வேறு, சொல் இருப்பது வேறு.

## சொல்லிலிருந்து துணிபுக்கு

அப்புறம் நாங்கள் எதிர்த்திசையில் போனோம். துணிபை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பாட்டில் கண்ணில் படுவதை மட்டும் பென்சிலால் குறித்தோம். இந்தக் கட்டத்தில் "இதன் பொருள் என்ன" என்று கேட்கக்கூடாது. "இங்கே என்ன இருக்கிறது" என்று மட்டும் கேட்க வேண்டும்.

அவள் முதலில் பார்த்தது, முதல் அடியில் "பெரிதே", கடைசி அடியில் "பெருந்தேன்". ஒரே வேரிலிருந்து வரும் சொல் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கிறது. முதலில் நிலத்தை மிஞ்சிய ஒன்றைப் பெரிது என்கிறாள். கடைசியில் தேனைப் பெரிது என்கிறாள்.

அடுத்து, நிலம், வான், நீர் என்று வரும் மூன்றும் எப்படிப்பட்டவை? பூமியை யாரும் செய்யவில்லை. வானையும் நீரையும் யாரும் செய்யவில்லை. அவை நமக்கு முன்பிருந்தே இருக்கின்றன. தேன் அப்படி இல்லை. பாட்டே "பூக்கொண்டு" என்று மூலப்பொருளைச் சொல்கிறது, "இழைக்கும்" என்று வேலையைச் சொல்கிறது. நான்கடியில் யாரோ எதையோ உண்டாக்குவதாக வரும் ஒரே வினை இதுதான்.

இந்த "இழைக்கும்" என்ற சொல்லில் நாங்கள் நெடுநேரம் நின்றோம். "உண்டாக்கும்" என்று சொல்லியிருக்கலாம், "தரும்" என்று சொல்லியிருக்கலாம். இன்று நாம் சந்தனத்தைக் கல்லில் தேய்ப்பதை இழைப்பது என்கிறோம். தச்சர் கையில் இருப்பது இழைப்புளி. பழைய பாட்டுகளில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைப்பார்கள். கையால், கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாகச் செய்யும் வேலைகளோடு இந்தச் சொல் சேர்ந்து வருகிறது. ஆனால் பொதுவாக "செய்தல்" என்ற பொருளும் இதற்கு உண்டு. அதனால் இந்தச் சொல்லை மட்டும் நம்பிப் பொறுமை, நுணுக்கம் என்று பெரிதாகக் கட்டிவிட முடியாது. பக்கத்தில் "பூக்கொண்டு" நிற்பதால் துணிவு வருகிறது. ஒரு பூவில் இருப்பது ஒரு துளிக்கும் குறைவு. அதைக்கொண்டு பெருந்தேன் ஆக வேண்டுமென்றால் எத்தனை பூ, எத்தனை முறை என்ற கணக்கு சொல்லாமலே வந்துவிடுகிறது. இரண்டு சொற்கள் ஒரே பக்கம் கைகாட்டும்போது துணிபு உறுதியாகிறது.

இப்போது ஒரு துணிபு கிடைத்தது. தலைவி தன் நட்பின் பெருமையை முதலில் அளவாலும், பிறகு உண்டாகும் விதத்தாலும் நினைக்கிறாள். முன்பே இருக்கும் பெரியவற்றோடு ஒப்பிட்டுத் தொடங்கி, சிறுகச் சிறுகச் சேர்ந்து பெரிதாகும் ஒன்றில் வந்து முடிக்கிறாள்.

இதை மறுக்க முடியுமா? முடியும். அதனால்தான் இது துணிபு.

## மறுப்பு வரும் இடம்

மறுப்பும் அதே வகுப்பில் வந்தது. பின்வரிசையில் இருந்த தாண்டிக்குடிப் பையன் கேட்டான்: "அம்மா, நிலம், வான், நீர் மூன்றும் நட்புக்குச் சொன்ன ஒப்புமை. தேன் நட்புக்குச் சொன்னது இல்லையே. நாடனுக்குத்தானே அடைமொழி?"

அவன் கேட்டது முற்றிலும் சரி. இலக்கணப்படி "பெருந்தேன் இழைக்கும்" என்பது "நாடன்" என்ற சொல்லைச் சிறப்பிக்கிறது. நட்பு தேன் போன்றது என்று பாட்டு எங்கும் சொல்லவில்லை. என் மாணவி அதற்குள் "காதலைத் தேனுக்கு உவமிக்கிறார்" என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியம் போயே தீர வேண்டும்.

துணிபு முழுவதும் போக வேண்டுமா? இங்கேதான் எழுதுகிறவர் தன் கருத்தின் எடையைச் சரிசெய்யக் கற்றுக்கொள்கிறார். "உவமிக்கிறார்" என்றால் அதிகம். "நாட்டின் வருணனைக்கும் நட்புக்கும் தொடர்பே இல்லை" என்றால் பாட்டில் ஏறக்குறைய பாதி எதற்காக என்ற கேள்வி நிற்கும். நடுவில் ஒரு சொல் இருக்கிறது: பக்கத்தில் வைக்கிறது. பாட்டு அளவுகளைச் சொல்லி முடித்த அதே இரண்டாம் அடியில், "ஆரளவின்றே" என்பதை ஒட்டி, "சாரல்" என்று மலை தொடங்கிவிடுகிறது. அடி முடியவில்லை, பேச்சு மாறிவிட்டது. அளக்க முடியாத ஒன்றைச் சொன்ன வாய் மூச்சு விடாமல் மலைச்சரிவுக்குப் போகிறது. "பெரு" என்ற சொல் திரும்ப வருவது அந்தப் பக்கத்தை இன்னும் நெருக்கமாக்குகிறது. ஆகவே, தேனின் வருணனை நட்பைப் பற்றிய நம் எண்ணத்தையும் தொடுகிறது என்று சொல்ல இடம் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்தப் பையனின் கேள்வியிலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. நாடனைச் சிறப்பித்துவிட்டு, அவனை உயர்ந்தவன் என்று அவள் சொல்கிறாளா? இல்லை. "நாடனொடு நட்பே" என்கிறாள். "ஒடு" என்ற சின்ன உருபு அங்கே நிற்கிறது. பெரிது, உயர்ந்தது, அளக்க அரியது என்ற எல்லாம் அவனுக்குச் சேராமல் இருவருக்கும் நடுவில் இருப்பதற்குச் சேர்கின்றன. பாட்டின் மேல் எழுதப்பட்டுள்ள குறிப்பின்படி, தலைவன் வேலிக்கு அப்பால் நிற்க, தோழி அவனைக் குறை சொல்ல, தலைவி மறுத்துப் பேசுகிறாள். அந்தக் குறிப்பை ஏற்றுக்கொண்டால் "ஒடு" இன்னும் கனக்கிறது: தோழி அவனைப் பற்றிப் பேசினாள், இவளோ தங்கள் நட்பைப் பற்றிப் பதில் சொல்கிறாள். ஆனால் அந்தக் குறிப்பு பாட்டின் நான்கு அடிக்குள் இல்லை. அதை வைத்து வாதிட்டால் "குறிப்பின்படி" என்ற சொல்லை விடக்கூடாது.

இதுவரை: மேற்கோள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு எடைதான் துணிபில் ஏற்ற வேண்டும். எடை கூடினால் "சொல்கிறது" என்பதைக் "காட்டுகிறது" என்றும், அதையும் தாங்காவிட்டால் "நினைக்க வைக்கிறது" என்றும் இறக்கிக்கொள்ளலாம்.

## ஆதாரம்போலத் தெரிந்து ஆதாரம் ஆகாதவை

கூர்ந்து பார்க்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தில் எல்லாமே பொருளாகத் தெரியும். அது நல்ல அறிகுறிதான், ஆனால் அங்கேயும் ஒரு சோதனை வேண்டும்.

மூன்றாம் அடியை எண்ணிப் பாருங்கள். கருங்கோற், குறிஞ்சிப், பூக்கொண்டு. மூன்றே சீர். மற்ற அடிகளில் நான்கு நான்கு. "சின்னப் பூவைச் சொல்லும்போது அடியும் சின்னதாகிறது அம்மா" என்று ஒருவர் எழுதினார். கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடி மூன்று சீரில்தான் வரும். போர்க்களத்தைப் பாடினாலும் அங்கே அடி குறுகும். பாட்டின் வடிவம் கட்டாயமாகக் கேட்பதை, கவிஞர் இந்தப் பொருளுக்காகத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. "நட்பே" என்று முடியும் கடைசி ஏகாரமும் அப்படித்தான். ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவது வழக்கம். அதில் தலைவியின் உறுதி ஒலிக்கிறது என்று எழுதினால், அறிந்தவர் ஒருவர் ஒரே வரியில் அதைத் தள்ளிவிடுவார். "பெரிதே" என்பதில் உள்ள ஏகாரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே உறுதியைப் பற்றிப் பேசலாம்.

ஆக, ஒரு சொல்லை ஆதாரமாக எடுக்கும்போது, இந்த இடத்தில் வேறு எப்படியும் எழுதியிருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் தான் அது தேர்வு. "இழைக்கும்" தேர்வு. மூன்று சீர் வழக்கம்.

## திருத்தி எழுதிய பத்தி

மூன்று வாரம் கழித்து அந்த மாணவி கொண்டுவந்த பத்தி இது. ஒற்றுப்பிழை இரண்டை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"தலைவி தன் நட்பின் பெருமையை இரண்டு வழியில் நினைக்கிறாள். 'நிலத்தினும் பெரிதே' என்று தொடங்கி நிலம், வான், நீர் என்ற மூன்றையும் அவள் அளவுகோலாக எடுக்கிறாள். இவை யாரும் செய்யாமல் முன்பே இருப்பவை. ஆனால் இரண்டாம் அடி முடியும் முன்பே 'சாரல்' என்ற சொல்லால் பாட்டு மலைச்சரிவுக்குத் திரும்புகிறது. அங்கே 'பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்' வேலை நடக்கிறது. 'கொண்டு', 'இழைக்கும்' என்ற இரண்டு சொற்களும் இந்தப் பெருமை செய்யப்படுவது, சிறிய பூக்களிலிருந்து சேர்வது என்று காட்டுகின்றன. இலக்கணப்படி இது நாடனின் நாட்டைத்தான் சிறப்பிக்கிறது. ஆயினும், நட்பைப் 'பெரிது' என்ற அதே சொல் தேனுக்கும் வருவதால், அந்த நட்பும் இப்படிச் சேர்ந்து பெரிதானதோ என்று நினைக்க வைக்கிறது."

பழைய பத்தியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு ஒரு முழு அடியை மேற்கோளாகப் போட்டாள், அதில் ஒரு சொல்கூட வேலை செய்யவில்லை. இப்போது மேற்கோள்கள் குட்டையாகிவிட்டன. சில இடத்தில் ஒற்றைச் சொல்தான். ஒவ்வொன்றையும் தொட்டு ஒரு இணைப்பு நிற்கிறது: இவை முன்பே இருப்பவை, இவை செய்யப்படுவதைக் காட்டுகின்றன, அதே சொல் திரும்ப வருகிறது. பையன் எழுப்பிய மறுப்பையும் ஒளிக்காமல் பத்திக்குள்ளேயே வைத்துப் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தப் பாட்டை உருவிவிட்டு வேறு பாட்டை இங்கே வைக்க முடியாது. வைத்தால் பத்தி இடிந்துவிடும்.

கடைசி வாக்கியத்தில் "நினைக்க வைக்கிறது" என்று இறக்கி எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. "கவிஞர் உணர்த்துகிறார்" என்று எழுதக் கை பழகியவர்களுக்கு அது எளிதில் வராது.

பன்னிரண்டு ஆண்டை அவள் விட்டுவிட்டாள். அதைவிட, அவளுக்கு இன்னொரு சொல் மேல் கேள்வி வந்திருந்தது. "அம்மா, கருங்கோல் என்று ஏன் சொல்ல வேண்டும்? பூவின் நிறத்தைச் சொல்லாமல் தண்டின் நிறத்தைச் சொல்கிறாள்." வடிவம் கேட்ட கட்டாயமா என்றால், வேறு அடைமொழியும் அங்கே பொருந்தியிருக்கும். அவள் ஊர்ப் பக்கத்தில் பூத்து ஓய்ந்த செடி பட்டுப்போய்க் குச்சியாக நிற்பதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் பாட்டில் பூவும் இருக்கிறது, ஆகவே அந்தப் பட்ட குச்சியை உள்ளே கொண்டுவர முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை எந்தத் துணிபிலும் சேர்க்காமல், படியில் "கருங்கோல்" என்பதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறாள்.